அலுவலக வளாகத்தில் ஒருநாள் மதிய உணவு ஸ்டால்: கேப்ஷன் எழுதும் முறை

பகல் பதினொரு மணி. கையுறை போட்ட கையில் கரண்டி, எதிரே இன்னும் மூடாத நாற்பது பெட்டி. அப்போது பார்த்து போன் அடிக்கும். "இன்னைக்குத்தானே?" என்று ஒருவர். வைத்த மறுநிமிடம் இன்னொருவர், "எந்த கேட்டுக்கு வரணும்?" மூன்றாமவர், "இப்ப சொன்னா ஒரு பெட்டி கிடைக்குமா?" பாப்-அப் ஸ்டால் போட ஆரம்பித்த எவருக்கும் இந்த மூன்று அழைப்பும் வந்திருக்கும். மூன்றும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் போடும் பதிவின் கேப்ஷனில் விட்டுப்போன மூன்று வரிகள். தேதி, வாங்குமிடம், ஆர்டர் முடியும் நேரம். அந்த வரிகள் சரியாக அமைந்தால் அந்த நேரத்தில் போன் பெரும்பாலும் சும்மா இருக்கும், பெட்டிகள் நேரத்துக்கு மூடப்படும்.

முதல்முறை ஸ்டால் போடுகிறவர்கள் கேப்ஷனைக் கடைசியாக, படத்தை ஏற்றும்போது அவசரமாகத் தட்டுகிறார்கள். நான் முதலிலேயே எழுதச் சொல்வேன். எழுத உட்கார்ந்தால்தான் இன்னும் முடிவெடுக்காதவை என்னென்ன என்று தெரியும்.

எழுதுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வளாக நிர்வாகத்தின் அனுமதி, அவர்கள் ஒதுக்கிய இடம், வண்டி உள்ளே வருவதற்கான கேட் பாஸ். இந்த மூன்றும் கைக்கு வராமல் ஒரு வரியும் வெளியிட வேண்டாம். "இடம் பிறகு சொல்கிறோம்" என்று போட்ட பதிவுதான் நூறு பேருக்குப் பகிரப்படும். பிறகு சொல்லும் இடம் பத்துப் பேருக்குத்தான் போய்ச் சேரும். அனுமதி கேட்கும்போதே மழை வந்தால் ஒதுங்க ஓர் இடத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள். அதுவும் கேப்ஷனுக்குள் வரப்போகிறது.

அப்புறம், எத்தனை பெட்டி என்பது. உங்கள் பாத்திரம், அடுப்பு, கூட இருக்கும் ஆட்கள், வண்டியில் கொள்ளும் சூட்டுப்பெட்டிகள் ஆகியவற்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எண்ணிக்கை. இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கணக்கை எடுத்துக்கொள்கிறேன்: மொத்தம் 70 பெட்டி. அதில் 60 முன்பதிவுக்கு, 10 நேரில் வருவோருக்கு. ஸ்டால் 14ஆம் தேதி, புதன்கிழமை. பெட்டி கொடுக்கும் நேரம் பகல் 12:30 முதல் 1:30 வரை.

ஆர்டர் முடியும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "காலை 9 மணி வரை ஆர்டர் செய்யலாம்" என்று தாராளமாகப் போடுகிறார்கள். அந்த 9 மணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. ஆர்டர் முடியும் நேரம் என்பது கொடுக்கும் நேரத்திலிருந்து ஒவ்வொரு வேலையாகப் பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்தால் கிடைப்பது.

நம் கணக்கைப் பாருங்கள். 12:30க்கு முதல் பெட்டி கைமாற வேண்டும். மேசை போட்டு, பெட்டிகளைப் பிரித்து அடுக்க அரைமணி. ஆக 12 மணிக்கு ஸ்டால் இடத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனை, கேட் பாஸ் பதிவு, வண்டியிலிருந்து தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நடப்பது எல்லாம் சேர்த்து இருபது நிமிடம், 11:40க்கு கேட். சாலையில் 25 நிமிடம். 11:15க்குச் சமையலறையை விட்டுக் கிளம்ப வேண்டும். 70 பெட்டியை இரண்டு பேர் நிரப்பி, மூடி, ஒட்டி வைக்க ஏறக்குறைய 50 நிமிடம். அதனால் 10:25க்குச் சமையல் முடிந்திருக்க வேண்டும். சமைக்க இரண்டேகால் மணி. அடுப்பு பற்றுவது 8:10.

காலை 9 மணிக்கு வரும் ஆர்டர் ஏற்கெனவே அடுப்பில் இருக்கும் பாத்திரத்துக்கு வருகிறது என்பது இப்போது தெரிகிறதா? ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. 8:10க்கு அடுப்பு பற்ற வேண்டும் என்றால் காயும் கறியும் முந்தின நாள் மாலையே வந்தாக வேண்டும். கறிக்கடையில் 6 மணிக்குள் அளவு சொல்ல வேண்டும். காய் வாங்க 5 மணிக்குக் கிளம்ப வேண்டும். எந்தப் பெட்டி எத்தனை என்று கூட்டிப் பார்த்து, பணம் வராதவர்களுக்கு ஒருமுறை நினைவூட்ட ஒரு மணி நேரம். ஆக, செவ்வாய் மாலை 4 மணி. நம் சமையலறைக்கு இதுதான் உண்மையான கடைசி நேரம்.

உங்கள் நேரம் வேறாக வரும். கடை பக்கத்தில் இருந்து, அரிந்த காய் வாங்குகிறவராக இருந்தால் இரவு 8 வரைகூடப் போகலாம். எதுவானாலும் வந்த நேரத்தை அப்படியே எழுதுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போட்டுவிட்டு, அதற்குப் பின் கேட்பவர்களுக்கும் கொடுப்பது சிலருக்கு வழக்கம். இரண்டு வாரத்தில் வாடிக்கையாளர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதன்பின் நீங்கள் போடும் எந்த நேரத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நேரத்தோடு எண்ணிக்கையையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும்: "செவ்வாய் 13 மாலை 4 மணி வரை, அல்லது 60 பெட்டி முடியும் வரை." இரண்டில் எது முதலில் வந்தாலும் ஆர்டர் முடிந்தது. எண்ணிக்கை இல்லாமல் நேரம் மட்டும் போட்டால், 3 மணிக்கே 60 முடிந்த நாளில் 3:30க்கு ஆர்டர் அனுப்பியவர் "நாலு மணி வரை என்று தானே போட்டிருந்தீர்கள்" என்பார். அவர் சொல்வது நியாயம்.

இன்னொன்றும் உண்டு. எது ஆர்டர்? செய்தி அனுப்பியதா, பணம் அனுப்பியதா, நீங்கள் பதில் போட்டதா? இதைச் சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்கள். பணம் வந்ததும் ஓர் ஆர்டர் எண் அனுப்புவது, எண் கிடைத்தால்தான் ஆர்டர் உறுதி என்று கேப்ஷனில் எழுதுவது, இந்த இரண்டும் போதும். அந்த எண் ஸ்டால் மேசையிலும் வேலை செய்யும். அதைப் பிறகு சொல்கிறேன்.

"இன்று", "நாளை" இரண்டையும் எழுதக்கூடாது

நாங்கள் முதல் மாதத்தில் செய்த தவறு இது. ஒரு திங்கள் இரவு, "நாளை மதியம் சந்திப்போம்" என்று பதிவு போட்டோம். செவ்வாய் ஸ்டால் நன்றாகவே போனது. அந்தப் பதிவை ஒருவர் செவ்வாய் இரவு தன் குழுவில் பகிர்ந்திருக்கிறார். புதன் மதியம் ஏழு பேர் பணத்தோடு வந்து வெறும் மதிற்சுவர் அருகே நின்றிருக்கிறார்கள். மதிய இடைவேளை நாற்பது நிமிடம். அதில் இருபது போய்விட்டது. அவர்களில் எத்தனை பேர் மறுபடி எங்களிடம் வந்தார்கள் என்று தெரியாது, ஆனால் அன்று மாலை வந்த ஒரு செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன். "நாளைன்னா எந்த நாளை?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

பகிர்ந்த செய்தி எப்போது எழுதப்பட்டது என்று படிப்பவருக்குத் தெரியாது. இன்ஸ்டாகிராம் பதிவும் இரண்டு நாள் கழித்துச் சிலர் கண்ணில் படும். அதனால் கிழமையும் தேதியும் சேர்த்தே எழுதுங்கள்: "புதன் 14". கிழமை மட்டும் போட்டால் எந்த வாரம் என்ற சந்தேகம்; தேதி மட்டும் போட்டால் மனத்தில் பதியாது. நேரத்துக்கு முன்னால் காலை, பகல், மாலை என்ற சொல்லும் வேண்டும். "12 வரை" என்று எழுதினால் பாதிப் பேர் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்வார்கள்.

மெனுவை நிறத்தால் பெயரிடுங்கள்

முன்பதிவுக்கு மூன்று வகைக்கு மேல் வேண்டாம் என்பது என் அனுபவம். நான்காவது வகை சேர்ந்தால் மேசையில் தேடும் நேரம் கூடும், மீதியாகும் பெட்டியும் கூடும்.

வகைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அதில் ஒரு சிக்கல். "2, 1" என்று ஒருவர் அனுப்பினால் இரண்டாம் வகையில் ஒன்றா, முதல் வகையில் இரண்டா? நூறு செய்திகளில் பத்து இப்படி வரும், பத்துக்கும் திரும்பக் கேட்க வேண்டும். அதனால் நாங்கள் நிறத்துக்கு மாறினோம். பச்சை, மஞ்சள், சிவப்பு. பெட்டி மூடியில் அதே நிறத்தில் வட்ட ஸ்டிக்கர். "பச்சை 2, சிவப்பு 1" என்று செய்தி வந்தால் குழப்பமே இல்லை. ஸ்டிக்கரின் மேல் நிறத்தின் பெயரையும் எழுதுங்கள். பச்சையும் சிவப்பும் பிரித்தறிய முடியாதவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு, உங்கள் ஸ்டாலில் நிற்கும் ஆளாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரி, அல்லது ஒன்றரை வரி. பெட்டிக்குள் என்னென்ன, எவ்வளவு காரம், என்ன விலை. "நாவில் கரையும்", "வீட்டுப் பக்குவம்" போன்ற சொற்களைப் படத்துக்கு விட்டுவிடலாம். படம் அதைவிட நன்றாகச் சொல்லும். கேப்ஷனில் அந்த இடத்தை ஒவ்வாமைத் தகவலுக்குக் கொடுங்கள். பால், முட்டை, கோதுமை, சோயா, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், மீன், இறால் நண்டு வகை, எள். பெரும்பாலான ஒவ்வாமைகள் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். உங்கள் பெட்டியில் இவற்றில் எது இருக்கிறதோ அதை வகை வாரியாக எழுதுங்கள்.

இதில் "இல்லை" என்ற சொல்லை எழுதும்போது மிகவும் கவனமாக இருங்கள். பச்சைப் பெட்டியில் வேர்க்கடலை சேர்க்கவில்லை என்றாலும், அதே சமையலறையில் அதே கரண்டி வேர்க்கடலைப் பொடியைத் தொட்டிருந்தால் கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்து. "மூன்று வகையும் ஒரே சமையலறையில் தயாராகின்றன; அங்கே வேர்க்கடலையும் எள்ளும் புழங்கும்" என்ற ஒரு வரி அவருக்குத் தேவையான முடிவை அவரே எடுக்க உதவும். கடைசி நேரத்தில் எண்ணெயையோ மசாலாவையோ மாற்றினால் அந்த வரியையும் மாற்ற வேண்டும். இதை மட்டும் எந்த அவசரத்திலும் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்குமிடம்: வளாகத்துக்குப் புதியவர் படித்ததும் வந்து சேர வேண்டும்

"மெயின் கேட் அருகில்" என்று நாங்கள் ஒருமுறை எழுதினோம். அந்த வளாகத்தில் வண்டிகள் வரும் கேட்டை ஓட்டுநர்கள் மெயின் கேட் என்பார்கள். பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள் மறுபக்கத்துச் சிறு வாசலை மெயின் கேட் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே எட்டு நிமிட நடை. பதினொரு பேர் மறுபக்கம் நின்றார்கள். அவர்கள் பெட்டிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, வெயிலில் நானே ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இங்கே வரிசை நின்றுபோனது.

அன்றிலிருந்து வாங்குமிடத்தை எழுத ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் கட்டடத்தின் பெயர், சுவரில் எழுதியிருக்கிறபடி. ஆட்கள் பேச்சில் வேறு பெயர் சொல்வார்கள் என்றால் அதை அடுத்துச் சேர்க்கலாம், ஆனால் பலகையில் உள்ளதுதான் முதலில். அப்புறம் எந்த வாசல். "கிழக்கு வாசல்" என்று எழுதாதீர்கள், பலகையில் அப்படியே எழுதியிருந்தாலொழிய. ஏசி அறையில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவருக்குக் கிழக்கு எது என்று தெரியாது. "சைக்கிள் நிறுத்துமிடம் இருக்கும் வாசல்" என்றால் உடனே தெரியும். மூன்றாவது, வாசலுக்கு உள்ளேயா வெளியேயா. ஒரே சொல்தான், ஆனால் அது இல்லாமல் ஆட்கள் கண்ணாடிக் கதவின் இரண்டு பக்கமும் நின்று தேடுவார்கள்.

அடையாளமாகச் சொல்லும் பொருள் நகராததாக இருக்க வேண்டும். வெள்ளை வேன், நீல பேனர், காவலர் நாற்காலி இவையெல்லாம் அன்று அங்கே இருக்காது. தூண் எண், தீயணைப்புக் குழாய், மரம், ஏடிஎம் இருக்கும்.

பல நிறுவனங்கள் ஒரே வளாகத்தில் இருந்தால் அடையாள அட்டைக் கேள்வி வரும். டவர் 2இன் தரைத்தளத்துக்குள் போக டவர் 5காரர்களின் அட்டை வேலை செய்யாமல் போகலாம். இடத்தை முடிவு செய்யும்போதே எல்லோரும் அட்டை தட்டாமல் வரக்கூடிய பகுதியா என்று பாருங்கள். ஆம் என்றால் கேப்ஷனில் அதைச் சொல்லிவிடுங்கள். தூரத்து டவரில் இருப்பவர் ஆர்டர் செய்யத் தயங்குவதற்கு இதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் தூரம். அதையும் நடந்து பார்த்து நிமிடத்தில் எழுதலாம்.

வரைபட லிங்க் பலர் போடுவார்கள். வளாகத்துக்குள் அது பெரும்பாலும் வண்டி கேட்டுக்கே கூட்டிப்போகும். தவிர, இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்குள் போடும் லிங்க்கை அழுத்தினால் திறக்காது. அதைவிட ஒரு போட்டோ மேல். மேசைக்கு எதிரே நின்று மேசையை எடுக்காதீர்கள். ஆட்கள் லிஃப்ட்டிலிருந்து இறங்கி வெளியே வரும் இடத்தில் நின்று, அங்கிருந்து மேசை போடப்போகும் மூலை எப்படித் தெரிகிறதோ அப்படி எடுங்கள். பதிவின் இரண்டாவது படமாக அதை வையுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. வளாகத்துக்குப் புதிதாக வந்த ஒருவரிடம், இல்லையென்றால் அங்கே வேலை செய்யாத நண்பரிடம், அந்த இரண்டு வரியை மட்டும் கொடுத்துப் போய் நிற்கச் சொல்லுங்கள். அவர் போன் செய்து கேட்கும் முதல் கேள்விதான் விட்டுப்போன சொல்.

கொடுக்கும் நேரத்துக்கு முடிவும் வேண்டும்

"12:30 முதல்" என்று மட்டும் எழுதினால் 2:15க்கு ஒருவர் நிதானமாக வருவார். முடிவு நேரம் போடுவதற்கு உங்கள் வசதியைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. சமைத்த உணவைச் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் கணக்கில் 10:25க்குப் பெட்டி நிரப்பத் தொடங்குகிறோம், 1:30க்குக் கடைசிப் பெட்டி போகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல். ஆக, சூட்டுப்பெட்டி இல்லாமல் இந்த ஏற்பாடே சரிவராது. உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, மாதிரிக்கு ஒரு நாள் கடைசிப் பெட்டியைத் திறந்து 1:30க்கு எத்தனை டிகிரி என்று பாருங்கள். 60க்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் சூட்டுப்பெட்டியை மாற்றுங்கள். முடியாவிட்டால் நேரத்தைச் சுருக்குங்கள். பிறகுதான் கேப்ஷனில் நேரம் எழுத வேண்டும். குளிர்ச்சியாகத் தரும் தயிர், பழம் போன்றவை 5 டிகிரிக்குக் கீழே தனிப் பெட்டியில் வர வேண்டும்.

வாங்கியவர் கூட்டத்துக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத் திறக்கக்கூடும் என்பதால் "2:30க்குள் சாப்பிட்டுவிடவும்" என்று ஒரு வரி. வராதவர்களின் பெட்டிக்கு என்ன ஆகும் என்று இன்னொரு வரி.

முதல் இரண்டு வரி, பிறகு மற்றவை

இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் தொடக்கம் மட்டுமே தெரியும், மீதியை விரித்துத்தான் படிக்க வேண்டும். மொத்தம் 2,200 எழுத்துக்குறிகள் வரை இடம் இருக்கிறது, அது தாராளம். நெருக்கடி முதல் இரண்டு வரியில்தான். வாட்ஸ்அப்பிலும் நீளமான செய்தி மடிந்துவிடும். அதனால் "வணக்கம் நண்பர்களே, உங்களுக்காக ஒரு மகிழ்ச்சியான செய்தி" என்று தொடங்கினால் தெரியும் பகுதி முழுக்க வணக்கத்துக்கே போய்விடும். என்றைக்கு, எது வரை ஆர்டர், எங்கே வாங்குவது. முதலில் இவை. மெனு அடுத்து. நம் கணக்குப்படி முழு கேப்ஷன் இப்படி வரும்:

> புதன் 14 மதிய உணவு. ஆர்டர்: செவ்வாய் 13 மாலை 4 மணி வரை, அல்லது 60 பெட்டி முடியும் வரை.
> வாங்குமிடம்: டவர் 2, சைக்கிள் நிறுத்துமிட வாசல், வெளியே. பகல் 12:30 முதல் 1:30 வரை.
>
> பச்சை: காய்கறிச் சோறு, வேகவைத்த பயறு, பழத்துண்டுகள். காரம் குறைவு. முந்திரி உண்டு. (விலை)
> மஞ்சள்: முட்டைச் சோறு, வதக்கிய காய், பழத்துண்டுகள். காரம் நடுத்தரம். முட்டை, சோயா உண்டு. (விலை)
> சிவப்பு: சோறு, கோழிக்கறி, தயிர். காரம் அதிகம். பால் உண்டு. (விலை)
> மூன்று வகையும் ஒரே சமையலறையில் தயாராகின்றன. அங்கே வேர்க்கடலையும் எள்ளும் புழங்கும்.
>
> ஆர்டர் செய்ய, படத்தில் உள்ள எண்ணுக்கு ஒரே செய்தியாக அனுப்பவும்: பெயர், டவர், நிறம், எண்ணிக்கை.
> இப்படி: மீனா, டவர் 4, பச்சை 2, சிவப்பு 1
> பணம் வந்ததும் ஆர்டர் எண் அனுப்புவோம். எண் கிடைத்தால்தான் ஆர்டர் உறுதி.
> செவ்வாய் மாலை 4 மணிக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். அதன்பின் திரும்பாது, உங்கள் எண்ணைச் சொல்லி வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம்.
>
> வாசலுக்கு வெளியே வந்ததும் இடதுபுறம், தூண் 6 அருகே மேசை. அட்டை தட்டத் தேவையில்லை. டவர் 5இலிருந்து 6 நிமிட நடை. மழை வந்தால் அதே வாசலின் உள்பக்கம்.
> முன்பதிவு இல்லாமல் வருவோருக்கு 10 பெட்டி, 12:45 முதல்.
> 1:30க்கு மேசையை எடுத்துவிடுவோம். 2:30க்குள் சாப்பிட்டுவிடவும்.

நேரில் வருவோருக்கு 12:45 என்று போட்டதற்குக் காரணம் வரிசை. முன்பே பணம் கட்டியவர் எண்ணைச் சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டு போக இருபது வினாடி போதும். 60 பெட்டிக்கு ஏறக்குறைய 45 பேர் என்றால் மொத்தமே கால்மணி. நின்று வகை கேட்டு, யோசித்து, பணம் கட்டுகிறவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இருவரையும் ஒரே வரிசையில் விட்டால் முன்பதிவு செய்தவருக்கு அதில் பயனே இல்லாமல் போய்விடும். பெரும்பாலோர் முதல் கால்மணியில்தான் வருவார்கள், அது தீரட்டும்.

செய்தியின் மாதிரியை ("மீனா, டவர் 4...") எழுதிக் காட்டுவது மிக முக்கியம். "பெயர், வகை, எண்ணிக்கை அனுப்பவும்" என்று மட்டும் சொன்னால் ஐந்து செய்தியாகப் பிரித்து அனுப்புவார்கள், சிலர் குரல் பதிவு அனுப்புவார்கள். மாதிரி இருந்தால் பார்த்து அப்படியே தட்டுவார்கள்.

படத்தில் எது, கேப்ஷனில் எது

கேப்ஷனைப் பிறகு திருத்தலாம், படத்துக்குள் எழுதியதைத் திருத்த முடியாது. அதே நேரம் சிலர் படத்தை மட்டும் சேமித்துத் தனியாக அனுப்புவார்கள். எனவே படத்தில் மாறாதவை மட்டும்: கிழமை, தேதி, டவர் பெயர், ஆர்டர் எடுக்கும் எண். மெனு, விலை, ஆர்டர் முடியும் நேரம் கேப்ஷனிலேயே இருக்கட்டும்.

பதிவை எப்போது போடுவது? செவ்வாய் மாலை 4க்கு முடியும் ஆர்டருக்கு திங்கள் காலை 11 மணிவாக்கில் போடுகிறோம். மதிய உணவைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் நேரம் அது, ஒரு நாளுக்கு மேல் அவகாசமும் இருக்கிறது. செவ்வாய் பகல் 2 மணிக்கு ஒரு நினைவூட்டல், மீதியுள்ள பெட்டி எண்ணிக்கையோடு. அதற்கு மேல் வேண்டாம்.

ஆர்டர் முடிந்த அந்த நிமிடமே முதல் வரியை மாற்றுங்கள். இன்ஸ்டாகிராமில் பதிவைத் திறந்து, முதல் வரியை "புதன் 14 முன்பதிவு முடிந்தது. நேரில் 10 பெட்டி, பகல் 12:45 முதல்" என்று ஆக்கிவிடலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். அதன்பின் பழைய செய்திக்கு ரிப்ளையாக இதே வரியைப் புதிதாக அனுப்புங்கள். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து தெரியும்.

மேசையில்

ஆர்டர் எண் வரிசையில் ஒரு தாள், பக்கத்தில் பெயர், நிறம், எண்ணிக்கை. ஒற்றைப் பெட்டிகளை நிறவாரியாகச் சூட்டுப்பெட்டிகளில் அடுக்குங்கள். இரண்டோ அதற்கு மேலோ வாங்குவோருடையதை முன்பே பையில் போட்டு எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். "இருபத்தேழு" என்று வந்தவர் சொன்னால் ஒருவர் தாளில் கோடு போட வேண்டும், மற்றவர் பெட்டியை எடுக்க வேண்டும். கோடு போடுகிற ஆளே பெட்டியும் எடுத்தால் எப்படியும் இரண்டு பேருக்குக் கோடு விட்டுப்போகும், 1:20க்கு யாருடைய பெட்டி மீதி என்று தெரியாமல் நிற்பீர்கள்.

1:15க்குக் கோடு போடாத எண்களுக்கு ஒரே செய்தி: "உங்கள் பெட்டி டவர் 2 வாசலில் 1:30 வரை இருக்கும்." பெரும்பாலோர் ஓடி வந்துவிடுவார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அன்று வந்த அழைப்புகளையும் செய்திகளையும் எடுத்து, ஒரே கேள்வி எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். எங்களுக்கு ஒருமுறை "ஸ்பூன் இருக்குமா?" என்று ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள். அடுத்த வார கேப்ஷனில் மெனுவுக்குக் கீழே "ஸ்பூன், கைதுடைக்கும் தாள் பெட்டியோடு உண்டு" என்று சேர்த்தோம்.